எறும்புகளுக்கு நடுவே ஒரு சிலந்தி: படத்தில் பல உயிர்கள் இருந்தால் உங்களுடையது எது என்று காட்டுவது எப்படி

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் மரப்பாலத்தின் கைப்பிடி மேல் முசுறு எறும்புகள் வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள். ஒரு சனிக்கிழமை காலை அந்த வரிசைக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு 'எறும்பு' தனியாக நின்றுகொண்டிருந்தது. விரலை அருகில் கொண்டுபோனதும் ஒரே தாவலாகத் தாவி, நூலைப் பிடித்துத் தொங்கியது. எறும்பு எங்கே நூல் விடும்? அது முசுறைப் போலவே வேடம் போடும் தாவும் சிலந்தி.

அது திரும்ப ஏறி வரும்வரை காத்திருந்து ஒரு படம் எடுத்தேன். படத்தில் ஆறு எறும்புகள், ஒரு சிலந்தி. பார்த்த உயிரின் படத்தைப் போட்டால் மற்றவர்கள் அடையாளம் சொல்லும் iNaturalist தளத்தில் அன்றிரவே பதிவேற்றினேன். குறிப்பு எழுதவில்லை, படத்தை வெட்டவும் இல்லை. பார்ப்பவர்களுக்குத் தெரியாதா என்ற நினைப்புதான்.

முதலில் வந்தவர் முசுறு என்று அடையாளம் சொன்னார். இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் கூர்ந்து பார்த்துச் சிலந்தி என்றார். மூவர் சொன்னதும் சரி. ஆனால் ஒரு பெயர் நிற்க வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒப்புதல் வேண்டும். மூவரில் இருவர் என்பது சரியாக மூன்றில் இரண்டு, அதற்கு மேல் இல்லை. அதனால் பதிவின் பெயர் எறும்புக்கும் சிலந்திக்கும் பொதுவான இடத்துக்கு, அதாவது 'கணுக்காலிகள்' என்ற பெரும்பிரிவுக்கு ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டது. இறாலும் நண்டும் பூரானும் அடங்கும் பிரிவு அது. அங்கே போய் நிற்கும் பதிவைச் சிலந்தி தேடுபவரும் பார்ப்பதில்லை, எறும்பு தேடுபவரும் பார்ப்பதில்லை. பல வாரங்கள் அப்படியே கிடந்தது.

நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், அந்த வாரங்களை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். செலவு எதுவும் இல்லை. கணக்குத் தொடங்குவது இலவசம், படம் வெட்டும் வசதி உங்கள் தொலைபேசியிலேயே இருக்கிறது. பழகிவிட்டால் ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்றே மூன்று. வெட்டாத மூலப் படம், வெட்டிய நகல், இரண்டு மூன்று வரிக் குறிப்பு.

மூலப் படம் என்றால் கேமராவில் எடுத்த அதே கோப்பு. வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பியதோ, திரையைப் படம் பிடித்ததோ உதவாது. கேமரா படத்துக்குள் எடுத்த நேரமும் இடமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தில் அந்த விவரம் போய்விடும். திரையைப் பிடித்த படத்தில் நீங்கள் பிடித்த நேரம்தான் இருக்கும், உயிரைப் பார்த்த நேரம் இருக்காது. காலையில் சுங்கை பூலோவில் பார்த்தது, இரவு பத்து மணிக்கு ஈசூன் வீட்டில் பார்த்ததாகப் பதிவாகிவிடும்.

1. எந்த உயிர் என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள்

ஒரு பதிவுக்கு ஓர் இனம். இது தளத்தின் அடிப்படை விதி. ஒரே இனத்தைச் சேர்ந்த ஆறு எறும்புகள் இருந்தால் பிரச்சினை இல்லை, ஒரே பதிவு போதும். இரண்டு இனம் வந்துவிட்டால் இரண்டு பதிவு.

இந்த முடிவை அன்று மாலைக்குள் எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து முப்பது கொக்குகள் நிற்கும் படத்தைத் திறந்தால், எதற்காக அதை எடுத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். எனக்கு அப்படி இரண்டு படங்கள் இன்னும் கிடக்கின்றன.

2. வெட்டுவதற்கு முன் ஒரு நகல்

ஐபோனில் வெட்டிச் சேமித்தால் அதே படம் மாறிவிடும். பிறகு பழைய நிலைக்குத் திருப்பலாம்தான், ஆனால் முழுப் படமும் வெட்டிய படமும் ஒருசேர வேண்டும் என்பதால் முதலில் Duplicate கொடுத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் Google Photos பயன்படுத்துபவர்கள் Save copy கொடுத்தால் மூலம் அப்படியே இருக்கும்.

வெட்டிய பிறகு படத்தை மேலே தள்ளி விவரத்தைப் பாருங்கள். தேதியும் வரைபடமும் தெரிகிறதா? தெரிந்தால் சரி. சில படத்திருத்தச் செயலிகள் அதைக் கழற்றிவிடும். அப்படி நடந்தால் பதிவேற்றும்போது மூலப் படத்தைப் பார்த்து நேரத்தையும் இடத்தையும் கையால் நிரப்ப வேண்டும்.

3. வெட்டுவது

இதைப் பதிவேற்றும் முன்பே செய்ய வேண்டும். காரணம் வெறும் அழகு இல்லை, கணக்கு.

தளம் பெரிய படங்களைச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும். நீளமான பக்கம் அதிகபட்சம் 2048 புள்ளிகள், அதாவது பிக்சல்கள். என் தொலைபேசிப் படம் 4000 புள்ளி அகலம். அதில் சிலந்தி ஏறத்தாழ 300 புள்ளி நீளம். முழுப் படத்தை அப்படியே ஏற்றியதும் எல்லாம் பாதியாகச் சுருங்கி, சிலந்தி சுமார் 150 புள்ளிக்கு வந்துவிட்டது. அந்த அளவில் கண்களை எண்ண முடியாது. அதே சிலந்தியைச் சுற்றி 900க்கு 900 சதுரமாக வெட்டி ஏற்றினால் தளம் சுருக்க வேண்டிய தேவையே இல்லை, 300 புள்ளியும் அப்படியே போய்ச் சேரும். பார்ப்பவர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், அவரிடம் பெரிதாக்கச் சரக்கு இருக்காது.

எவ்வளவு இறுக்கமாக வெட்டுவது? உயிரைச் சுற்றி நான்கு பக்கமும் அதன் உடல் நீளத்தில் பாதியாவது இடம் விடுங்கள். கால் நுனி, உணர்கொம்பு, வால், அலகு எதுவும் வெட்டுப்படக் கூடாது. என் சிலந்தியில் இது ரொம்ப முக்கியம். அது முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். அந்தக் கால்களின் நுனி வெட்டுப்பட்டால், 'எட்டுக் கால், உணர்கொம்பு இல்லை' என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. எறும்புக்கு ஆறு கால், ஒரு ஜோடி உணர்கொம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் எட்டு என்றே தெரியும். வேடத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது, அதை வெட்டி எறிந்துவிடக் கூடாது.

உயிர் சதுரத்தின் நடுவில் இருக்கட்டும். அடையாளம் சொல்ல வருபவர்கள் பல பதிவுகளைச் சின்னச் சின்னச் சதுரங்களாக ஒரே பக்கத்தில் பார்ப்பார்கள். அகலமான படத்தின் ஓரத்தில் உங்கள் உயிர் இருந்தால் அந்தச் சின்னச் சதுரத்தில் அது தெரியவே தெரியாது, நடுவில் இருக்கும் வேறொன்றுதான் தெரியும். என் முதல் பதிவில் நடுவில் இருந்தது எறும்பு. முதல் இருவரும் எறும்பு என்றதில் வியப்பு இல்லை.

அடுத்தது, வெட்டிய பிறகு படத்தைச் செயற்கையாகப் பெரிதாக்காதீர்கள். சில செயலிகள் 'தெளிவாக்குகிறேன்' என்று இல்லாத மயிரையும் வரியையும் வரைந்துவிடும். ஒரு சிலந்தியின் கண் எங்கே இருக்கிறது என்பதை வைத்துக் குடும்பம் சொல்பவருக்கு அது பொய்ச் சாட்சி.

வெட்டினாலும் பக்கத்து உயிர் சட்டத்துக்குள் வந்துதான் தீரும் என்ற நிலையும் உண்டு. உடும்பு வாயில் கெளுத்தி, ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் பறவைகள். அங்கே வெட்டுவது பாதி வேலைதான். மீதியைக் குறிப்பு செய்ய வேண்டும், ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

4. எது முதல் படம், எது இரண்டாவது

வெட்டிய படம் முதலில். முழுப் படம் இரண்டாவது. வரிசை மாறினால் மேலே சொன்ன சின்னச் சதுரத்தில் முழுப் படம் வந்துவிடும், நீங்கள் வெட்டியதற்குப் பலன் இல்லை.

முழுப் படம் எதற்கு என்று கேட்கலாம். பக்கத்தில் இருக்கும் எறும்புகளோடு ஒப்பிட்டு அளவு தெரியும், எந்தச் செடி, எந்தச் சூழல் என்று தெரியும். சிலந்தி எறும்பு வரிசையிலிருந்து விலகி நிற்பதும் அதில்தான் தெரிந்தது. இந்தச் சிலந்தி எறும்புகளோடு கலந்து நடப்பதில்லை, தொட்டுவிடாமல் ஒதுங்கியே இருக்கும். அடையாளத்துக்கு அதுவும் ஒரு தடயம்.

அம்புக்குறி, வட்டம் போடலாமா? போடலாம், ஆனால் முதல் படத்தில் வேண்டாம். வரைந்த கோடு அதற்கு அடியில் இருப்பதை மறைத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் தடித்த சிவப்பு வட்டம் போட்டுத் தும்பியின் இறக்கை நுனியில் உள்ள புள்ளியையே மூடிவிட்டார். வட்டம் வேண்டுமென்றால் முழுப் படத்தின் நகலில், மெல்லிய கோட்டில், உயிரைத் தொடாமல் போட்டு மூன்றாவது படமாக வையுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வார இறுதியில் பாலத்தில் எடுத்த முழுப் படத்தில் பின்னால் யாராவது நிற்பார்கள், குழந்தைகளும் இருப்பார்கள். முகம் தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு ஏற்றுங்கள். படங்கள் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும்.

5. குறிப்பு எழுதுவது

Notes என்ற கட்டம் இதற்குத்தான். பலர் இதில் 'அழகான காலை' என்று எழுதுகிறார்கள், அல்லது காலியாக விடுகிறார்கள். முதல் வரியில் எந்த உயிர் என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

என் சிலந்திப் பதிவில் பிறகு சேர்த்த குறிப்பு இது:

'இந்தப் பதிவு சிலந்திக்கு, எறும்புகளுக்கு அல்ல. படம் 1: வெட்டியது. படம் 2: முழுப் படம், வலப்பக்க ஓரத்தில் தனியாக, முன்னங்கால்கள் தூக்கியபடி இருப்பது. தொட வந்தபோது தாவி நூலில் தொங்கியது. எறும்புகளுக்குத் தனிப் பதிவு உண்டு.'

அதற்குக் கீழே இதையே ஆங்கிலத்திலும் எழுதிவிடுவேன், அடையாளம் சொல்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. 'எறும்புகளுக்கு அல்ல' என்ற சொல் அவசியம். எது இலக்கு என்று சொல்வதோடு எது இலக்கு இல்லை என்றும் சொன்னால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. தாவியதும் நூல் விட்டதும் படத்தில் இல்லை. கண்ணால் கண்டவர் நீங்கள் மட்டுமே, எழுதாவிட்டால் அந்தத் தகவல் அன்றோடு போய்விடும்.

இடம் சொல்லும்போது வரும் குழப்பங்கள் தனி ரகம். 'இடப்பக்கம்' என்றால் படத்தின் இடப்பக்கமா, பறவையின் இடப்பக்கமா? எப்போதும் 'படத்தின்' என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். எந்தப் படத்தின் என்றும் சொல்லுங்கள், ஏனென்றால் வெட்டியதில் நடுவில் இருப்பது முழுப் படத்தில் ஓரத்தில் இருக்கும். 'சின்னது' என்ற சொல்லைத் தனியாக நம்பாதீர்கள், பின்னால் நிற்பதும் சின்னதாகத்தான் தெரியும். நிறமும் அப்படியே. முசுறும் என் சிலந்தியும் ஒரே செம்பழுப்பு, 'சிவப்பாக இருப்பது' என்று எழுதியிருந்தால் ஏழும் பொருந்தும்.

எண்ணிக்கை நன்றாக வேலை செய்யும். சுங்கை பூலோவில் நீர் வற்றியபோது சேற்றில் வெள்ளைக் கொக்குகள் நெருக்கமாக நிற்கும். அதில் சின்ன வெள்ளைக் கொக்கு ஒன்றும் பெரிய வெள்ளைக் கொக்கு ஒன்றும் ஒன்றையொன்று மறைத்து நின்ற படத்துக்கு நான் எழுதியது: 'படம் 1இல் இரண்டு தலை தெரியும். இந்தப் பதிவு முன்னால் நிற்பதற்கு, கறுப்பு அலகு உள்ளது. படம் 2இல் படத்தின் இடமிருந்து நான்காவது.' எண்ணும்போது பாதி மட்டும் தெரியும் பறவையையும் சேர்த்து எண்ணினீர்களா என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒன்றால் நான்காவது ஐந்தாவதாகிவிடும். சந்தேகமாக இருந்தால் எண்ணிக்கையோடு செயலையும் சேருங்கள்: 'இடமிருந்து நான்காவது, ஒரு காலைத் தூக்கி மஞ்சள் பாதம் தெரிய நிற்பது.' சின்ன வெள்ளைக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். இடத்தைக் காட்டும் அதே சொல் அடையாளத்தையும் காட்டிவிடுகிறது.

6. பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்

இனம் தெரியாது என்று பலர் தயங்கிக் காலியாக விடுகிறார்கள். இனம் தெரிய வேண்டாம், பிரிவு தெரிந்தால் போதும். சிலந்தி என்றால் Araneae, எறும்பு என்றால் Formicidae, பறவை என்றால் Aves. நீங்கள் இடும் அந்த முதல் பெயரே எந்த உயிரைக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிடும். குறிப்பைப் படிக்காமல் வேகமாகப் போகிறவர்களும் பெயரைப் பார்ப்பார்கள். சிலந்தி மட்டும் தேடிப் பார்ப்பவரின் பக்கத்தில் உங்கள் பதிவு போய் நிற்பதும் இதனால்தான்.

7. மற்ற உயிர்களுக்குத் தனிப் பதிவு

கட்டாயம் இல்லை. ஆனால் நான் போட்டுவிடுவேன். எறும்பு என்று சொல்ல ஆசைப்படுபவருக்கு ஓர் இடம் இருக்கும், சிலந்திப் பதிவில் வந்து சொல்ல மாட்டார்.

கணினியில் பதிவைத் திறந்து Edit பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்பை அழுத்தினால் Duplicate வரும். நேரம், இடம் எல்லாம் திரும்ப நிரப்ப வேண்டியதில்லை. சேமிக்கும் முன் மூன்று இடத்தைப் பாருங்கள். பெயர் இன்னும் சிலந்தி என்றே இருக்கிறதா, குறிப்பில் 'இந்தப் பதிவு சிலந்திக்கு' என்ற வரி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா, முதல் படம் இன்னும் சிலந்தி வெட்டுதானா. மூன்றையும் மாற்றி, எறும்பை நடுவில் வைத்து வெட்டிய படத்தை முதலில் வையுங்கள். பிறகு ஒரு பதிவின் இணைய முகவரியை மற்றதன் குறிப்பில் ஒட்டிவிடுங்கள்.

8. ஏற்கனவே குழம்பிப்போன பதிவு இருந்தால்

அழித்துவிடத் தோன்றும். வேண்டாம். மூன்று பேர் நேரம் செலவழித்து எழுதியது அதோடு போய்விடும்.

இன்னொரு தவறு, பெரும்பான்மை எறும்பு என்றதால் 'சரி, இது எறும்புப் பதிவாகவே இருக்கட்டும்' என்று இலக்கை மாற்றிவிடுவது. அப்போது சிலந்தி என்று சரியாகச் சொன்னவர், காரணமே இல்லாமல் தவறு செய்தவராகிவிடுவார். முதலில் எதற்காக எடுத்தீர்களோ அதிலேயே நில்லுங்கள்.

நான் செய்த வரிசை இது. முதலில் வெட்டிய படத்தைச் சேர்த்து முதல் இடத்தில் வைத்தேன். குறிப்பை எழுதினேன். பெயர்க் கட்டத்தில் Araneae இட்டேன். எறும்புக்குத் தனிப் பதிவு போட்டேன். கடைசியாக, பழைய பதிவின் கீழ் எறும்பு என்று சொன்ன இருவருக்கும் பெயர் சொல்லி எழுதினேன்: 'நீங்கள் சொன்னது சரிதான், படத்தில் எறும்பு இருக்கிறது. ஆனால் இது ஓரத்தில் நிற்கும் சிலந்திக்கான பதிவு, முன்பே சொல்லாதது என் தவறு. எறும்புப் பதிவின் முகவரி இதோ. முடிந்தால் இங்கே உள்ள அடையாளத்தைத் திரும்பப் பெறுங்கள்.' அவர்கள் இட்டதை நாம் நீக்க முடியாது, அவர்கள்தான் நீக்க வேண்டும், அதனால் கேட்கும் விதம் முக்கியம்.

ஒருவர் அன்றிரவே நீக்கிவிட்டு எறும்புப் பதிவில் போய் Oecophylla smaragdina என்று இட்டார். மற்றவர் வரவில்லை. ஆனால் வெட்டிய படம் முதலில் வந்ததும் இன்னும் இரண்டு பேர் வந்து சிலந்தியின் இனப் பெயராக Myrmaplata plataleoides என்று சொன்னார்கள். ஒருவர், தலையின் பக்கவாட்டில் இருக்கும் கறுப்புப் புள்ளி எறும்பின் கண் மாதிரி தெரிவதற்காக இருப்பது, உண்மையான பெரிய கண்கள் முன்னால் இருக்கின்றன, பெரிதாக்கிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். 300 புள்ளி இருந்ததால் பார்க்க முடிந்தது.